நோன்பு மாதத்தில் அத்தாவின் தூக்க மாத்திரை: எத்தனை மணிக்குக் கொடுப்பது?

தாம்வே_மகள் | நோன்பு 5, காலை 9:40

அஸ்ஸலாமு அலைக்கும். யாங்கோனில் இருந்து எழுதுகிறேன். இன்று சஹரில் அத்தா குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். வயது 71. நெற்றியில் புடைப்பு, வேறு பெரிய அடி இல்லை. காரணம் தூக்க மாத்திரையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எட்டு மாதமாக ஜோல்பிடெம் 10 மில்லிகிராம் தினமும் போடுகிறார். மற்ற நாட்களில் ஏழரைக்கு இரவுச் சாப்பாடு, ஒன்பதரைக்கு மாத்திரை, பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். காலை ஆறுக்கு எழுவார். ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

நோன்பு வந்ததும் எல்லாம் மாறிவிட்டது. ஆறு பத்து வாக்கில் நோன்பு திறந்து, பேரீச்சையும் கஞ்சியும் இரண்டு வடையும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறார். தராவீஹ் முடிய ஒன்பதே கால் ஆகிறது. அப்புறம் கூட்டாளிகளோடு தேநீர்க்கடையில் கொஞ்ச நேரம். வீட்டுக்கு வந்து பத்தே காலுக்குத்தான் சோறு. பத்தே முக்காலுக்கு மாத்திரை. நேற்று பதினொன்றே முக்கால் வரை தூக்கமே வரவில்லை என்று எனக்குத் தெரியாமல் இன்னொரு அரை மாத்திரை போட்டிருக்கிறார். மூன்றே முக்காலுக்கு நான் எழுப்பினேன். உட்கார்ந்து சாப்பிட்டார், பேசினார், நிய்யத்தும் வைத்தார். பிறகு ஒளுச் செய்யப் போகும்போதுதான் விழுந்தார். மின்சாரம் வேறு இல்லை.

இதைவிட எனக்குப் பயமாக இருப்பது வேறொன்று. காலை ஏழு மணிக்கு எழுந்து "என்னை ஏன் சஹருக்கு எழுப்பவில்லை" என்று கேட்டார். சாப்பிட்டது சுத்தமாக நினைவில் இல்லை. மாத்திரையைச் சஹருக்கு மாற்றலாமா, அரையாக்கலாமா, நிறுத்திவிடலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெகு_செல்வி | நோன்பு 5, காலை 10:15

அக்கா, நாங்கள் தீமிதிக்கு விரதம் இருக்கும்போது ஒரு வேளைதான் சாப்பாடு. எங்கள் அம்மா அப்போதும் தூக்க மாத்திரை போடுவார். எந்த மாத்திரையையும் வெறும் வயிற்றில் போடக்கூடாது, குடல் புண்ணாகிவிடும் என்று எங்கள் பக்கத்து டாக்டர் சொல்லியிருக்கிறார். நீங்கள் அப்பாவுக்கு வயிறு நிறையச் சோறு கொடுத்து, உடனே மாத்திரை கொடுங்கள். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர், வெறும் வயிற்றில் போட்டதால்தான் மயக்கம் வந்திருக்கும்.

சூலியா_தம்பி | நோன்பு 5, காலை 10:50

வ அலைக்கும் ஸலாம். என் கருத்து, ரமலானில் இந்த மாத்திரையே வேண்டாம். நானும் இடையிடையே ஜோல்பிடெம் போடுகிறவன்தான். போன வருடம் நோன்பு பிறந்ததும் விட்டுவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பகலெல்லாம் நோன்பு, இரவில் தொழுகை, உடம்பு அலுத்துத் தானாகத் தூக்கம் வந்துவிடும். அத்தாவையும் விடச் சொல்லுங்கள்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 5, பகல் 12:20

மகளே, முதலில் ஒன்று சொல். அத்தா ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார் என்றால் நெற்றிப் புடைப்பு சின்னதாக இருந்தாலும் இன்றே டாக்டரிடம் காட்டிவிடு. தலைவலி கூடினாலோ, வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ நோன்பையெல்லாம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. தூக்க மாத்திரை போட்ட அன்று "மாத்திரை மயக்கம்தான்" என்று விட்டுவிடுவது பெரிய தவறு. மற்றதை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

தாம்வே_மகள் | நோன்பு 5, மாலை 4:30

ஐயா, ஆஸ்பிரின் 75 தினமும் சாப்பிடுகிறார். நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் அழைத்துப் போனேன். டாக்டர் பார்த்தார். இப்போதைக்குப் பயமில்லை, இரண்டு நாள் கவனியுங்கள் என்றார். ஆனால் அங்கே ஒரே கூட்டம். மாத்திரை நேரத்தைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 5, இரவு 9:55

நல்லது. இப்போது நேரக் கணக்கைப் பார்ப்போம். நாற்பது வருடம் மருந்துக் கடையில் நின்றவன் நான், டாக்டர் இல்லை. அளவை மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை. நான் சொல்வது அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான்.

பெகு செல்வி சொன்னது வலி மாத்திரைக்குப் பொருந்தும். டைக்குளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புண்ணாக்கும். ஜோல்பிடெம் அப்படியில்லை, நேர் எதிர். சாப்பிட்டவுடன் போட்டால் அது குடலில் ஏறத் தாமதமாகும். வெறும் வயிற்றில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வருவது, சாப்பிட்டவுடன் போட்டால் இரண்டு மணிக்கு மேல் ஆகும். அந்த உச்சமும் கால் பங்கு குறையும். அதனால்தான் உணவோடும் உணவு முடிந்த உடனேயும் போட வேண்டாம் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே எழுதியிருக்கும்.

உன் அத்தாவின் இரவை இப்போது பார். பத்தே காலுக்கு வயிறு நிறையச் சோறு, கறி. அரை மணி கழித்து மாத்திரை. வழக்கமாக இருபது முப்பது நிமிடத்தில் கண் சொக்குகிறவருக்கு ஒரு மணி நேரமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டார். உண்மையில் அது வயிற்றிலேயே சோற்றோடு காத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அரை மாத்திரை. ஆக 15 மில்லிகிராம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு 5 மில்லிகிராம். எந்த வயதிலும் ஓர் இரவுக்கு 10-க்கு மேல் கிடையாது. ஒரே இரவில் இரண்டாம் முறை போடவே கூடாது.

முதல் மாத்திரையும் இரண்டாவதும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி, பன்னிரண்டரைக்கும் இரண்டுக்கும் நடுவே உச்சத்தில் இருந்திருக்கும். மூன்றே முக்காலுக்கு நீ எழுப்பியபோது கடைசி அரை மாத்திரை போட்டு நான்கு மணி நேரம்தான். தாளில் எழுதியிருப்பது, போட்ட பிறகு எழுந்து நடமாட ஏழு எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று. வயதானவர்கள் உடம்பில் இந்த மருந்து இன்னும் மெதுவாகத்தான் இறங்கும்.

சாப்பிட்டது நினைவில் இல்லாததற்கும் அதுதான் காரணம். மருந்து மூளையில் இருக்கும்போது எழுப்பினால் ஆள் பேசுவார், சாப்பிடுவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். ஆனால் நடப்பது எதுவும் பதியாது. அத்தாவுக்கு மறதி நோய் வந்துவிட்டதோ என்று நீ பயப்பட்டிருப்பாய். இது அந்த இரவோடு போவது. ஆனால் அந்த நிலையில் அடுப்பைப் பற்றவைத்தவர்கள், வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் எல்லாம் உண்டு. அமெரிக்காவில் 2019-இல் இதற்காகவே பெட்டிமேல் கடும் எச்சரிக்கை போட வைத்தார்கள். தூக்கத்தில் நடப்பது, சமைப்பது போல ஒரு முறை நடந்தாலும் அந்த மாத்திரையைத் தொடரக்கூடாது என்பது அந்த எச்சரிக்கை. உன் அத்தாவுக்கு நடந்தது நீ எழுப்பி உட்கார வைத்ததால் வந்த மறதி. அவராக எழுந்து எதையும் செய்தாரா என்று கேட்டுப் பார். செய்திருந்தால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்.

பெகு_செல்வி | நோன்பு 5, இரவு 10:30

மன்னிக்கவும் அக்கா, தவறாகச் சொல்லிவிட்டேன். அம்மாவின் அட்டையை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். அது ஜோல்பிடெம் இல்லை, டயஸிபாம் 5. ஐயா, அதற்கும் இந்த ஏழு மணி நேரக் கணக்குதானா? அம்மா பூசைக்கு மூன்று மணிக்கு எழுவார். விழுந்ததெல்லாம் இல்லை. ஆனால் விரத நாட்களில் மதியம் வரை சோர்ந்தே இருப்பார். பட்டினியால் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 5, இரவு 10:50

அம்மா, டயஸிபாம் வேறு சங்கதி. ஜோல்பிடெம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். டயஸிபாமுக்கு நாள் கணக்கு, வயதானவர்களுக்கு இன்னும் நீளம். இன்றைக்குப் போட்டதில் பாதி நாளைக்கும் இருக்கும், அதன்மேல் நாளைக்குப் போடுவது சேரும். அதனால் மூன்று மணிக்கு எழுவதா ஐந்துக்கு எழுவதா என்பது அதில் அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. மதியச் சோர்வு பட்டினியாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். விரதம் இல்லாத நாட்களில் பத்து மணிக்கு எப்படி இருக்கிறார் என்று பார்த்துவையுங்கள். அப்போதும் சோர்வு என்றால் மாத்திரைதான். தினமும் போடுகிறவர் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

தட்டோன்_ஆசிரியர் | நோன்பு 6, காலை 6:50

எனக்கும் இதே சிக்கல்தான், ஆனால் வேறு விதமாக. வயது 44. ஜோல்பிடெம் 10. தராவீஹ் முடிந்து பதினொன்றுக்குப் போடுவேன், நாலரைக்குச் சஹர், ஏழுக்கு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடம். விழுந்ததில்லை. ஆனால் நேற்று வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் பிரேக் பிடித்தது நாய் போன பிறகு. அன்றைக்குத் தூக்கக் கலக்கமே இல்லை, தெளிவாகத்தான் இருந்தேன். அதுதான் புரியவில்லை.

நான் கண்டுபிடித்த வழி: சஹர் சாப்பிட்டு, பாங்குக்கு ஐந்து நிமிடம் முன்னால் மாத்திரை போட்டு, சுபுஹு தொழுதுவிட்டுப் படுப்பது. ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன், பகல் பன்னிரண்டு வரை நன்றாகத் தூங்கினேன். அத்தா வேலைக்குப் போகாதவர்தானே, அவருக்கு இது சரிப்படுமே?

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 6, காலை 8:10

ஆசிரியரே, தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதும் கை நேரத்துக்கு வேலை செய்வதும் ஒன்றல்ல. இந்த மருந்தில் அதுதான் ஆபத்து. ஐரோப்பாவில் 2014-இல் இதை ஆராய்ந்து, போட்டதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் நடுவே குறைந்தது எட்டு மணி நேரம் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். பதினொன்றுக்குப் போட்டால் ஏழுக்கு எட்டு மணி நேரம் முடிகிறது, கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனால் நீங்கள் அதில் ஐந்து மணி நேரம்தான் தூங்கியிருக்கிறீர்கள். மருந்துக் கணக்கு சரியானாலும் தூக்கக் கணக்கு சரியாகவில்லை. நோன்பு முடியும்வரை யாருடனாவது பின்னால் உட்கார்ந்து போங்கள்.

சஹர் முடிவில் போடுவதைப் பற்றி. சாப்பிட்ட ஐந்தாவது நிமிடம் போடுகிறீர்கள், ஆக ஏறுவதற்குத் தாமதம். போட்டுவிட்டு ஒளுவும் தொழுகையும் இருக்கிறது, பள்ளிக்கு நடந்து போவதும் இருக்கலாம். மாத்திரை போட்டால் உடனே படுக்கை என்பது முதல் விதி. ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருந்ததற்குக் காரணம் நீங்கள் பன்னிரண்டு வரை படுத்திருந்தது. 71 வயதுப் பெரியவர் பகல் பன்னிரண்டு வரை தூங்கினால் இரவில் தூக்கம் எங்கிருந்து வரும்? பெருநாள் வரும்போது இரவும் பகலும் தலைகீழாகியிருக்கும். அவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

தாம்வே_மகள் | நோன்பு 6, பகல் 11:05

ஐயா, அவராக எழுந்து எதையும் செய்ததில்லை, கேட்டுவிட்டேன். தம்பி சொல்வதுபோல அடியோடு நிறுத்தினால் என்ன? அம்மாவும் அதையேதான் சொல்கிறார்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 6, பகல் 1:40

தம்பி பொய் சொல்லவில்லை. இடையிடையே போடுகிறவர்கள் விடலாம், ஒன்றும் ஆகாது. உன் அத்தா எட்டு மாதம் ஒரு நாள் விடாமல் போட்டவர். திடீரென்று விட்டால் முதல் ஒன்றிரண்டு இரவு, மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமாக இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மூன்றாம் நாள் இரட்டிப்பாகப் போடுவார்கள். என் கடையில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். குறைக்க வேண்டுமென்றால் ஷஃபான் பிறை பார்க்கும் முன்பே டாக்டரிடம் கேட்டு, வாரங்கள் எடுத்துப் படிப்படியாகக் குறைத்திருக்க வேண்டும். இப்போது நோன்பின் நடுவில் இருக்கிறோம். இந்த மாதத்துக்கு நேரத்தைச் சரிசெய்வோம்.

இரண்டு இடைவெளி வேண்டும். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல். மாத்திரைக்கும் எழுவதற்கும் நடுவே ஏழு மணி நேரமாவது. இப்போது அத்தாவுக்கு இரண்டும் இல்லை. சுபுஹு உங்கள் ஊரில் ஐந்தே கால் வாக்கில்தானே? மூன்றே முக்காலுக்கு ஏன் எழுப்புகிறாய்? நாலே முக்காலுக்கு எழுப்பினால் அரை மணி நேரம் இருக்கிறது. அப்படியானால் மாத்திரை ஒன்பதே முக்காலுக்கு. சாப்பாடு ஏழுக்குள் முடிந்திருக்க வேண்டும். அதாவது நோன்பு திறந்து, மக்ரிப் தொழுததும் சோறு. தராவீஹ் முடிந்து தேநீர்க்கடை கிடையாது. நேராக வீடு, மாத்திரை, படுக்கை.

ஒன்பதே முக்காலுக்குள் அவர் வீட்டுக்கு வர முடியாத நாளில்? பத்தரைக்கு மேல் ஆகிவிட்டால் டாக்டர் என்ன சொல்கிறார் என்று முன்கூட்டியே கேட்டுவை. வழக்கமாக, தூங்க நேரமில்லாத இரவில் மாத்திரை இல்லை என்பதுதான் விதி. ஓர் இரவு விட்டால் தூக்கம் கெடும், ஆனால் விழ மாட்டார்.

சூலியா_தம்பி | நோன்பு 6, பகல் 2:15

ஐயா, ஏழு மணிக்குச் சோறு சாப்பிட்டுவிட்டு இருபது ரக்அத் நிற்க முடியுமா? எனக்கே குனிய முடியாது. அந்தத் தேநீர்க்கடை ஒன்றும் வீண் அரட்டை இல்லை. வருடம் முழுக்கப் பார்க்காதவர்களை அங்கேதான் பார்ப்போம். பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

தாம்வே_மகள் | நோன்பு 6, மாலை 3:30

தம்பி சொல்வது சரிதான். அத்தா என்னிடம் சொன்னதும் அதுவேதான். "பால் தேநீர் குடிக்கிறது தூக்கத்தையா கெடுக்கும், ரங்கூன்காரனுக்கு அது தாய்ப்பால்" என்கிறார். எத்தனை கோப்பை என்று கேட்டேன். இரண்டு என்றார். அவருடைய கூட்டாளியிடம் கேட்டேன். மூன்று என்றார்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 6, இரவு 9:20

நம்முடைய தேநீர் கொதிக்கக் கொதிக்கச் சுண்டவைத்த சாயம். ஒன்பதரைக்கு மூன்று கோப்பை குடித்தால் அதிலிருக்கும் கஃபீனில் பாதி இரவு இரண்டு மணிக்கும் உடம்பில் இருக்கும். ஒரு கையால் தூக்கத்தை விரட்டி, மறு கையால் மாத்திரை போட்டு இழுக்கிறார். கடைக்குப் போகட்டும், உட்காரட்டும், ஆனால் இருபது நிமிடம். குடிப்பது வெறும் பாலாக இருக்கட்டும்.

வயிறு நிறைந்து தொழ முடியாது என்பதும் உண்மை. கஞ்சியைக் குறைத்துச் சோற்றைக் கொஞ்சமாக ஏழுக்குச் சாப்பிட்டு, மீதியைச் சஹரில் சாப்பிடலாம். எண்ணெய்ப் பலகாரம்தான் வயிற்றில் நேரம் பிடிக்கும். அதைத் தொழுகைக்குப் பிறகு வைக்காதே. இருபது ரக்அத்தா எட்டா, பள்ளியிலா வீட்டிலா என்பதை நான் சொல்ல மாட்டேன். அத்தா மதிக்கும் ஹஜ்ரத்திடம் கேளுங்கள். விழுந்த விவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

தாம்வே_மகள் | நோன்பு 9, காலை 10:00

நடந்ததை எழுதுகிறேன். ஏழாம் நோன்பன்று வேறொரு டாக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்: சாப்பிட்ட நேரம், மாத்திரை நேரம், எழுந்த நேரம், சஹர் நினைவிருக்கிறதா இல்லையா. அவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு அளவை 5 ஆக்கினார். ஏழு மணி நேரம் இல்லாத இரவில் வேண்டாம் என்று அவரும் சொன்னார். ஐயா சொன்ன நேரங்களைக் காட்டினேன், சரி என்றார்.

ஹஜ்ரத் அத்தாவிடம் தராவீஹ் சுன்னத்து, உடம்புக்கு முடியாவிட்டால் வீட்டில் தொழலாம் என்றார். அத்தாவுக்கு மனமில்லை. எட்டு ரக்அத் பள்ளியில் தொழுதுவிட்டு, மீதியை வீட்டில் தொழுவதாக ஒத்துக்கொண்டார். எட்டே முக்காலுக்கு வீடு. அம்மா அவருக்குப் பக்கத்திலேயே தொழுகிறார்.

ஏழாம் இரவு: ஒன்பதே முக்காலுக்கு 5. பதினொன்று வரை புரண்டார். சஹரில் தானாக எழுந்தார். கால் நடுக்கம் இல்லை. பகலில் "சஹரில் என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டேன், "கோழி, ரசம், ஒரு வாழைப்பழம்" என்றார். சந்தோஷமாக இருந்தது.

எட்டாம் இரவு: பத்து மணிக்குள் தூங்கிவிட்டார். இரண்டு இரவுக்கும் சாப்பாடு ஒன்றுதான், மாத்திரை நேரம் ஒன்றுதான். ஒரே வித்தியாசம் பகல் தூக்கம். ஏழாம் நாள் லுஹர் தொழுதுவிட்டு அஸர் வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்தார். எட்டாம் நாள் உறவினர் வந்ததால் அரை மணி நேரம்தான்.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 9, பகல் 12:30

அந்தப் பகல் தூக்கத்தை நான் கேட்கவே இல்லை, நீ கண்டுபிடித்துவிட்டாய். நோன்பாளி பகலில் படுக்காமல் இருக்க முடியாது, ஆனால் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடு.

ஒன்றைப் பார்த்துக்கொள். 5 மில்லிகிராமுக்கு அவருடைய 10 மாத்திரையைத்தான் பாதியாக்குகிறாயா? அட்டையில் பெயருக்குப் பின்னால் சி.ஆர். என்று இருந்தால் உடைக்கக் கூடாது. அது மெதுவாகக் கரைய இரண்டு அடுக்காகச் செய்தது. உடைத்தால் அந்த அமைப்பு கெட்டுவிடும். சாதாரண மாத்திரையில் நடுவில் கோடு இருந்தால் உடைக்கலாம்.

தாம்வே_மகள் | நோன்பு 9, பகல் 1:00

சி.ஆர். இல்லை ஐயா, நடுவில் கோடு இருக்கிறது. மாத்திரை வெட்டும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கினேன். அத்தா பல்லால் கடித்துப் பாதியாக்கிக்கொண்டிருந்தார்.

தட்டோன்_ஆசிரியர் | நோன்பு 14, மாலை 5:10

நான் மூன்று இரவு மாத்திரை இல்லாமல் இருந்து பார்த்தேன். முதல் இரவு ஒரு மணிக்குத்தான் கண் மூடியது. இரண்டாவது இன்னும் மோசம். மூன்றாம் நாள் தலைமையாசிரியரிடம் சொல்லி முதல் பாடவேளையை மாற்றிக்கொண்டேன், இப்போது எட்டரைக்குப் போனால் போதும். மறுபடி மாத்திரைக்கு வந்துவிட்டேன், ஆனால் பத்துக்கு முன்னால், தராவீஹை வீட்டில் தொழுது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியரோடு பின்னால் உட்கார்ந்து போகிறேன். விட்டது சரியா, திரும்பப் போட்டது சரியா, தெரியவில்லை.

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 14, இரவு 10:05

இன்னும் இரண்டு மூன்று இரவு தாங்கியிருந்தால் அடங்கியிருக்கலாம், அடங்காமலும் இருந்திருக்கலாம். பாடம் நடத்தவும் வேண்டும் என்ற நிலையில் நீங்கள் செய்ததைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெருநாளுக்குப் பிறகு இதைக் குறைக்க டாக்டரிடம் போங்கள். வருடக் கணக்கில் போட வேண்டிய மருந்து இல்லை இது.

சூலியா_தம்பி | நோன்பு 19, இரவு 11:00

கடைசிப் பத்து வரப்போகிறது. இருபத்தேழாம் இரவில் பள்ளியில் விடிய விடிய விழித்திருப்போம். அன்றைக்கு மாத்திரைக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பாதி போட்டுக் கொஞ்சம் படுக்கலாமா?

மோல்மேன்_மருந்துக்கடை | நோன்பு 20, காலை 8:45

கூடவே கூடாது. இரண்டுக்குப் போட்டு நாலே முக்காலுக்கு எழுந்தால் தாம்வே அத்தாவுக்கு நேர்ந்ததுதான் நேரும். விழித்திருக்கப் போகிற இரவில் மாத்திரையே இல்லை. முடிந்த அளவு விழித்திருக்கட்டும், அலுத்தால் மாத்திரை இல்லாமல் படுக்கட்டும். மறுநாள் இரவு, நேற்று விட்டதற்காக ஒரு மாத்திரை கூட்டிப் போடவும் கூடாது, வழக்கமான அளவுதான். மறுநாள் பகலில் வண்டி வேண்டாம், மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும்.

தாம்வே_மகள் | நோன்பு 22, காலை 9:15

அத்தா அன்றைக்கு மட்டும் முழு இரவும் பள்ளியில் இருப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். மாத்திரை இல்லாமல்தான் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அட்டையையும் அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். இரவில் தானாக எடுத்துப் போட்டுவிடுவோமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது. குளியலறை வாசலில் சார்ஜ் விளக்கு ஒன்று மாட்டியிருக்கிறேன், மின்சாரம் போனாலும் எரியும்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. பெருநாள் வந்ததும் எழுவது மறுபடி ஆறு மணி, சாப்பாடு ஏழரை. நேரத்தைத் திரும்ப மாற்றும்போது அளவையும் பழைய 10-க்கு மாற்றச் சொல்வாரோ டாக்டர்? 5-இலேயே தூங்குகிறாரே, அப்படியே விட்டுவிடலாமா என்று அம்மா கேட்கிறார். ஷவ்வால் இரண்டாம் நாள் மறுபடி டாக்டரிடம் போகிறோம். அதுவரை அந்தத் தாளைத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெகு_செல்வி | நோன்பு 22, காலை 9:50

அக்கா, அந்தத் தாளில் என்னென்ன கோடு போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு படம் எடுத்துப் போட முடியுமா? அம்மாவுக்கும் எழுத வேண்டும். விரதம் இல்லாத நாளிலும் பத்து மணிக்குச் சோர்ந்துதான் இருக்கிறார்.